132 என்றால் 132 மில்லிமீட்டர்

“ஏழரை எச்.பி., 1440, த்ரீ பேஸ்.” கடையில் மோட்டார் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றைத்தான் சொல்வார்கள். மின்சார வேலைக்கு இது போதும். ஆனால் அந்த மோட்டார் போய் உட்காரப் போகிற பேஸ் பிளேட்டில் நான்கு துளைகள் ஏற்கெனவே இருக்கின்றன. எதிரே பம்பின் ஷாஃப்ட் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் காத்திருக்கிறது. எரிந்துபோன மோட்டாருக்குப் பதிலாக வேறு கம்பெனி மோட்டாரை இறக்கி வைத்து, போல்ட் போடப் போகும்போதுதான் கேட்காமல் விட்டது தெரியவரும்: பிரேம் சைஸ்.

நேம் பிளேட்டில் 112எம், 132எஸ், 160எல் என்று இருப்பதுதான் அது. எண்ணுக்கு ஒரே பொருள்தான். மோட்டாரின் கால் அடியிலிருந்து ஷாஃப்டின் நடுமையம் வரை எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்பதை அது சொல்கிறது. கூட வரும் எழுத்து கால் துளைகளின் நீளவாட்டு இடைவெளிக்கு: எஸ் குட்டை, எம் நடுத்தரம், எல் நீளம். 132எஸ் என்றால் முன் துளைக்கும் பின் துளைக்கும் நடுவே 140 மி.மீ., 132எம் என்றால் 178. அகலவாட்டில் இரண்டுக்கும் 216தான். முன் துளையிலிருந்து ஷாஃப்டின் தோள்பட்டை வரை 89, ஷாஃப்ட் 38 மி.மீ. கனம், 80 மி.மீ. நீளம்; இவையும் இரண்டுக்கும் ஒன்றே. ஐ.இ.சி. என்ற சர்வதேச அமைப்பு வகுத்த அட்டவணை இது. கால் உள்ள மோட்டார்களுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 1231 என்ற தரக்குறியீடு இருக்கிறது. ஆகவே பிரேம் எண்ணும் எழுத்தும் ஒத்துப்போனால், கோயம்புத்தூரில் செய்த மோட்டாரைக் கழற்றிவிட்டு ஜெர்மனியில் செய்ததைப் பழைய துளைகளிலேயே உட்கார வைக்கலாம்.

எஸ் இருந்த இடத்துக்கு எம் வந்துவிட்டாலும் கவலை சிறிதுதான். முன் துளைகள் இரண்டும் சேரும், பின் துளைகள் 38 மி.மீ. தள்ளி விழும். பல கம்பெனிகள் காலில் இரண்டு இடைவெளிக்கும் துளை போட்டே அனுப்புகின்றன. இல்லாவிட்டால் பேஸ் பிளேட்டில் இரண்டு துளை போட்டால் முடிந்தது.

நிஜமான தொல்லை எண் மாறும்போது வருகிறது. எச்.பி. ஒன்றாக இருந்தால் பிரேமும் ஒன்றாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. ஏழரை எச்.பி. மோட்டார் 1440 சுற்றில் வழக்கமாக 132எஸ் பிரேமில் வரும். அதே ஏழரை எச்.பி. 960 சுற்றில் என்றால் 132எம். சில கம்பெனிகள் கூடுதல் சக்தியைச் சின்ன உடம்பில் அடைத்து, 1440 சுற்று ஏழரையை 112எம் பிரேமிலும் விற்கின்றன. விலையும் எடையும் குறைவு என்று அதை வாங்கி வந்தால் என்ன ஆகும்? கப்ளிங்கால் பம்புடன் சேர்ந்த 132எஸ் மோட்டாரின் இடத்தில் அதை வைத்துப் பார்ப்போம்.

முதலில் உயரம். 132-க்கு 112, இருபது மி.மீ. பள்ளம். ஷிம் தகடுகளை அடுக்கி இதை ஏற்றக் கூடாது. அடுக்கு ஸ்ப்ரிங் போலத் துள்ளும், போல்ட்டும் நாளடைவில் தளரும். இருபது மி.மீ. முழுத்தகடு ஒன்றை இரு பக்கமும் மெஷினில் சமன் செய்து போட வேண்டும், போல்ட்டும் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும். அடுத்து துளைகள். 112எம்-க்கு அகலவாட்டில் 190. ஆக ஒவ்வொரு பக்கமும் 13 மி.மீ. உள்ளே வரும். முன் துளையிலிருந்து ஷாஃப்ட் நுனி வரை பழைய மோட்டாரில் 89-ம் 80-ம் சேர்ந்து 169. புதியதில் 70-ம் 60-ம் சேர்ந்து 130. ஷாஃப்ட் நுனி பழைய இடத்தில் நிற்க வேண்டுமானால் மோட்டாரை 39 மி.மீ. பம்பு பக்கம் நகர்த்த வேண்டும். நீளவாட்டு இடைவெளி இரண்டிலும் 140 என்பதால் நான்கு துளைகளும் ஒரே அளவு இடம் மாறும். அங்கே பிளேட் முடியாமல் இருக்கிறதா, கப்ளிங் கவசம் இடிக்காதா என்று பார்த்த பிறகே டிரில்லைக் கையில் எடுக்கலாம்.

கடைசியாகக் கப்ளிங். பழைய பாதி 38 மி.மீ. துளையோடு இருக்கிறது, புதிய ஷாஃப்ட் 28. “நடுவுல ஒரு புஷ் போட்டுடலாம்ங்க” என்று பட்டறையில் சொல்வார்கள். புஷ்ஷின் சுவர் கனம் 5 மி.மீ. மட்டுமே. 38 ஷாஃப்டுக்கான 10 மி.மீ. கீ, ஷாஃப்ட்டுக்குள் 5 மி.மீ. ஆழம் இறங்கும். புஷ்ஷின் வெளிப்பக்கத்தில் அந்த ஆழத்துக்குக் கீவே வெட்டினால் சுவரே முழுதாகப் பிளந்துவிடும். துளை போடாத புதிய கப்ளிங் பாதியை வாங்கி லேத்தில் 28-க்குக் கடைந்து, 8 மி.மீ. கீவே வெட்டுவதே சரி. இவ்வளவு கூலியையும் கூட்டிப் பார்த்தால், மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 132எஸ் கேட்பதுதான் மலிவு என்பது என் கணக்கு. பெல்ட்டில் ஓடும் இயந்திரம் என்றால் விஷயம் இத்தனை கடுமையில்லை. உயர வித்தியாசத்தைப் பெல்ட்டின் நீளம் ஏற்றுக்கொள்ளும், ஸ்லைட் ரெயில் இருந்தால் மோட்டாரை நகர்த்தி இழுத்துக்கொள்ளலாம், புல்லியின் துளையை மட்டும் கவனித்தால் போதும்.

பிரேம் ஒத்துப்போனாலும் ஷிம் வேலை இருக்கவே செய்யும். 250 வரையுள்ள பிரேம்களுக்கு உயரம் எழுதிய அளவைத் தாண்டக் கூடாது, ஆனால் அரை மி.மீ. வரை குறையலாம் என்பது விதி. பழையது 131.9, புதியது 131.6 என்றால் 0.3 மி.மீ. ஷிம் நான்கு காலுக்கும் போக வேண்டும். பழைய மோட்டாருக்கடியில் இருந்த ஷிம்மை அப்படியே திரும்ப வைத்து முடுக்குவதுதான் வழக்கமான அசட்டை. காலில் ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், முடுக்கும்போது மோட்டார் உடம்பே முறுக்கிக்கொள்ளும். பியரிங் சூடாகும், அதிர்வு வரும். எல்லா போல்ட்டையும் முடுக்கி, காலின் மேல் டயல் கேஜ் வைத்து, ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்திப் பாருங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் அந்தக் காலுக்கடியில் ஷிம் தேவை.

பலமுறை ரீவைண்டிங் ஆகி, பெயின்ட் அடித்து, நேம் பிளேட் காணாமல் போன மோட்டாரானால் அளந்தே கண்டுபிடிக்கலாம். சமமான தளத்தில் நிறுத்தி, தரையிலிருந்து ஷாஃப்டின் மேற்புறம் வரை அளந்து, ஷாஃப்ட் கனத்தில் பாதியைக் கழியுங்கள். மேற்புறம் 151, ஷாஃப்ட் 38 என்றால், 151-லிருந்து 19 போக 132.

கியர் பாக்ஸில் ஒட்டி நிற்கும் மோட்டாருக்குக் கால் இருக்காது, முகத்தில் பிளாஞ்ச் இருக்கும். இங்கே பிரேம் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறலாம். 132 பிரேமுக்கே வழக்கமான இரண்டு பிளாஞ்ச் உண்டு. பி5 என்பது 300 மி.மீ. வெளிவிட்டம், 265 மி.மீ. வட்டத்தில் நான்கு சாதாரணத் துளைகள். போல்ட் மோட்டார் பக்கமிருந்து உள்ளே போகும். பி14 சிறியது: 200 மி.மீ. வெளிவிட்டம், 165 மி.மீ. வட்டம், துளைகளில் மரை வெட்டியிருக்கும். போல்ட் கியர் பாக்ஸ் பக்கமிருந்து வர வேண்டும். இரண்டிலும் மோட்டாரை மையத்தில் நிறுத்துவது போல்ட் அல்ல, பிளாஞ்ச் நடுவே துருத்தி நிற்கும் வளையம். பி5-இல் அதன் விட்டம் 230, பி14-இல் 130. கியர் பாக்ஸின் குழியில் அது கையால் தள்ளினால் நுழைய வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. வளையம் பொருந்தாததற்குக் குழியைக் கடைந்து பெரிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு அந்த கியர் பாக்ஸின் மையம் போயிற்று. காலும் பிளாஞ்சும் சேர்ந்தது பி35. கால் மட்டும் என்றால் பி3.

இதெல்லாம் ஒத்துப்போன பிறகும் அட்டவணை சொல்லாத சில உண்டு. மோட்டாரின் மொத்த நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மின்சாரம் குறைவாக எடுக்கும் புதிய ரகங்கள் பழையதைவிட நீளமாகவே இருக்கும். பின்னால் சுவர் ஒட்டியிருந்தால் விசிறிக்குக் காற்று போகாது. டெர்மினல் பாக்ஸ் மேலே வருமா, வலமா, இடமா என்பதும் கம்பெனியின் விருப்பம்தான். பழைய கேபிள் இடப்பக்கம் இருபது அங்குலம் நீட்டி வெட்டப்பட்டிருக்கும், புதிய பாக்ஸ் வலப்பக்கம் வாயைத் திறந்திருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே ஷாஃப்ட் பக்கமிருந்து பார்த்தால் பாக்ஸ் எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுத்தால், பெரும்பாலான கம்பெனிகள் அப்படியே மாற்றித் தருகின்றன.