முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்

ஒன்பது பேர், எட்டு மாத உழைப்பு. திங்கட்கிழமை காலை மேலாளர் உட்கார்ந்ததுமே சொன்னார்: "இந்த ப்ராஜெக்ட் இன்றோடு நிற்கிறது. முடிவு மாறாது. உங்கள் வேலையில் குறையில்லை. வாடிக்கையாளர் பணத்தை நிறுத்திவிட்டார்." பிறகு சற்று நேரம் பேசவே இல்லை. அந்த இடைவெளி அவசியம். அதிர்ச்சியில் இருப்பவர் காதில் அடுத்த கட்ட அட்டவணை ஏறாது.

"வேலை போயிடுமா சார்?" என்றார் ஒருவர்.

"ஏழு பேருக்கு வேறு இடம் உறுதி. இரண்டு பேருக்கு இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்." அந்த இருவரிடமும் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் பேசியிருந்தார். "பார்த்துக்கலாம்" என்று மழுப்பியிருந்தால், அன்றிரவே ஒன்பது பேரும் வேலை தேடத் தொடங்கியிருப்போம்.

அந்த வாரம் குறிப்புகளை ஒழுங்காக எழுதி வைத்தோம். நாங்கள் எழுதிய பணம் செலுத்தும் பகுதி அடுத்த ப்ராஜெக்டுக்கு அப்படியே போனது.