வேறு வீட்டுக்கு வேலைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய கடிதம்



நம் குழுக்களில் வீட்டு வேலைக்குப் போகிற சகோதரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை செய்த வீட்டுக்காரர்கள் ஊர் மாறிப் போகும்போது "ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்கம்மா" என்று கேட்டு வாங்குவதும் வழக்கம்தான். ஆனால் அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பலரும் பார்ப்பதில்லை. கடிதம் இருந்தும் வேலை போன ஒரு உறுப்பினரின் அனுபவத்தை இந்த இதழில் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

பதினோரு நாளில் போன வேலை

இந்தச் சகோதரி வேளச்சேரியில் ஒரு ஃபிளாட்டில் 2019 ஜூன் முதல் 2025 மார்ச் வரை வேலை பார்த்தார். பாத்திரம், துணி, வீடு துடைப்பது, காலைச் சமையல் எல்லாம் அவர்தான். அந்தக் குடும்பம் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது வீட்டம்மா ஒரு கடிதம் கொடுத்தார். அதில் இருந்தது மூன்றே வரி. "இவர் எங்கள் வீட்டில் வேலை செய்தார். மிகவும் நல்லவர், நேர்மையானவர். எல்லா வேலையும் செய்வார்."

அதைக் காட்டி ஒரு பெரிய குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார். "எல்லா வேலையும்" என்று எழுதியிருந்ததால் எட்டுப் பேருக்கு மூன்று வேளைச் சமையல், அதில் வாரம் இரண்டு நாள் மீன், கறி என்று எதிர்பார்த்தார்கள். இவர் சைவச் சமையல் மட்டுமே செய்து பழகியவர். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். இவர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்ப முடியும். பதினோராம் நாள் "லெட்டர்ல ஒண்ணு இருக்கு, ஆள் ஒண்ணா இருக்கு" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

குழுக் கூட்டத்தில் அவர் என்னிடம் கேட்டார்: "மேடம், நல்லவங்கன்னுதானே எழுதியிருக்காங்க, அதுல என்ன தப்பு?" எழுதியதில் பொய் இல்லை. ஆனால் புது வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றுகூட அதில் இல்லை. "நல்லவர்" என்று எல்லோருக்கும் எழுதலாம். என்ன வேலை, எத்தனை மணி, எத்தனை வருஷம் என்பதை உங்களுக்கு மட்டும்தான் எழுத முடியும்.

திரும்ப எழுதி வாங்கினோம்

அந்த வீட்டம்மாவுக்கு போன் செய்தோம். நல்ல மனசோடு, "நான் அவசரத்துல எழுதிட்டேன், என்ன எழுதணும்னு சொல்லுங்க" என்றார். நானும் உறுப்பினரும் உட்கார்ந்து ஒரு தாளில் குறிப்பு எடுத்தோம். எந்தத் தேதியில் சேர்ந்தார், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவார், வீட்டில் எத்தனை பேர், என்னென்ன வேலை, எது தெரியாது, லீவு எப்படி, எதற்காக வேலை முடிந்தது. இவ்வளவுதான். கேட்பவர் இந்தக் குறிப்பைக் கையில் கொண்டுபோனால் எழுதுபவருக்கு வேலை பத்து நிமிஷம்தான்.

ஒரு இடத்தில் சிக்கல் வந்தது. வீட்டம்மா, "உண்மையா எழுதணும்னா, அடிக்கடி லீவு போடுவாங்கன்னும் எழுதணுமே?" என்றார். உறுப்பினருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான், "எத்தனை நாள்னு கணக்குப் பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றேன். இருவரும் யோசித்துப் பார்த்ததில் மாதத்துக்கு இரண்டு நாள்தான் வந்தது. அதையும் முதல் நாளே சொல்லிவிடுவார். வைகாசியில் ஊர்த் திருவிழாவுக்கு மட்டும் ஒரு வாரம் போவார். "அடிக்கடி" என்பது ஒரு குறை. "மாதம் இரண்டு நாள், முன்கூட்டிச் சொல்வார்" என்பது ஒரு தகவல். உண்மை இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதை வைத்துத்தான் புது வீட்டுக்காரர் முடிவு செய்ய முடியும்.

இன்னொன்று. ஒருமுறை அந்த வீட்டில் மோதிரம் காணாமல் போய், இரண்டு நாள் கழித்து சோபா இடுக்கில் கிடைத்திருக்கிறது. "இவங்க மேல சந்தேகமே படலைன்னு எழுதட்டுமா?" என்று வீட்டம்மா கேட்டார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். ஆனால் படிக்கிறவர் மனதில் "சந்தேகம்" என்ற சொல்தான் நிற்கும். அதற்குப் பதில், நான்கு வருஷம் வீட்டுச் சாவி இவரிடம் இருந்ததை எழுதச் சொன்னோம். நம்பிக்கையைக் காட்ட அதைவிட வேறு என்ன வேண்டும்?

கடைசியில் வந்த கடிதம்

*உரியவர்களுக்கு,*

*திருமதி ............ எங்கள் வேளச்சேரி வீட்டில் 2019 ஜூன் முதல் 2025 மார்ச் வரை வேலை செய்தார். தினமும் காலை 8 மணிக்கு வந்து 12 மணி வரை இருப்பார். நாங்கள் வீட்டில் நான்கு பேர். பாத்திரம் துலக்குவது, வீடு பெருக்கித் துடைப்பது, வாஷிங் மெஷினில் துணி போட்டு மடித்து வைப்பது, காலை டிபன், மதியச் சைவச் சமையல் ஆகியவற்றைச் செய்தார். அசைவச் சமையல் பழக்கமில்லை.*

*நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் 2021 முதல் வீட்டுச் சாவி இவரிடமே இருந்தது. மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுப்பார், முதல் நாளே சொல்லிவிடுவார். வைகாசியில் ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் போவார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் காலை எட்டு மணிக்கு முன் வர இயலாது.*

*நாங்கள் பெங்களூருக்கு மாறியதால் வேலை முடிந்தது. சம்பளக் கணக்கு முழுவதும் தீர்ந்துவிட்டது, பாக்கி இல்லை. நாங்கள் இந்த ஊரிலேயே இருந்திருந்தால் இவரையே வைத்திருப்போம். மேலும் கேட்க விரும்புவோர் மாலை 7 மணிக்கு மேல் என்னை அழைக்கலாம்.*

*கையெழுத்து, பெயர், தேதி, தொலைபேசி எண்*

இந்தக் கடிதத்தில் இரண்டு "முடியாது" இருக்கிறது. அசைவம் தெரியாது, எட்டு மணிக்கு முன் வர முடியாது. "இதை எழுதினா யாரு மேடம் வேலை கொடுப்பாங்க?" என்று உறுப்பினர் பயந்தார். முதலில் பார்த்த வீட்டில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கு ஆறரை மணிக்கு ஆள் வேண்டும். இரண்டாவது வீட்டில் வயதான தம்பதி, சைவம், எட்டரைக்கு வந்தால் போதும். இப்போது அங்கேதான் வேலை செய்கிறார். முதல் வீடு வேண்டாம் என்றதும் கடிதத்தால் வந்த லாபம்தான். சேர்ந்து பதினோரு நாள் கழித்துத் தெரிவதற்குப் பதில் வாசலிலேயே தெரிந்துவிட்டது.

போனில் கேட்கப்படும் கேள்வி

கடிதத்தைப் படித்த வீட்டுக்காரர் பெரும்பாலும் பழைய வீட்டுக்கு போன் செய்வார். அங்கே கேட்கும் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "திரும்ப வாய்ப்பு வந்தா இவங்களையே வைப்பீங்களா?" அதனால் அதற்கான பதிலைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அவர் சம்மதம் கேட்டுத்தான் எண்ணைப் போட வேண்டும். ஊர் மாறுகிறவர் எண்ணை மாற்றுவாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எடுக்காத எண் உள்ள கடிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுத வேண்டாதவை

ஆதார் எண், சாதி, மதம், உடல்நலம், வீட்டுக்காரரின் குடிப்பழக்கம், குழுவில் வாங்கிய கடன் இவை எதுவும் வேண்டாம். வேலைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை, கடிதமோ பல கைகளுக்குப் போகும். பழைய சம்பளத்தையும் எழுத வேண்டாம். எழுதினால் புது வீட்டில் பேச்சு அந்தத் தொகையிலிருந்துதான் தொடங்கும். கேட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

அட்வான்ஸ் வாங்கியிருந்தால் கடிதம் கேட்பதற்கு முன்பே கணக்கு முடித்துவிடுங்கள். கடைசி நாளில் பணப் பேச்சும் கடிதப் பேச்சும் சேர்ந்து வந்தால் இரண்டுமே கெட்டுப்போகும். வேலை முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கேட்பது நல்லது. சாமான் கட்டுகிற நாளில் கேட்டால் மூன்று வரிதான் கிடைக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத கடிதத்தை நீங்கள் யாரிடமும் கொடுக்கக் கூடாது. அசலை உங்களிடமே வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

வீட்டுக்காரர் டிரைவர் என்றால்

அவர் கடிதத்திலும் இதே முறைதான். "நன்றாக ஓட்டுவார்" என்பதற்குப் பதில் எந்த வண்டி, கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா, ஊருக்குள் மட்டுமா வெளியூர்ப் பயணமும் உண்டா, இரவில் ஓட்டுவாரா, எத்தனை வருஷம் என்று எழுத வேண்டும். விபத்து இல்லை என்றால் அதை ஒரு வரி எழுதலாம். நிறுத்தும்போது ஒருமுறை உரசியிருந்தால் "இத்தனை வருஷத்தில் ஒரு சிறு உரசல், தானே வந்து சொன்னார்" என்று எழுதினால் கெடுதல் இல்லை. மறைத்துப் பிறகு போனில் தெரிந்தால்தான் கெடுதல்.

கொடுக்க மறுத்தால்

சண்டையில் பிரிந்த வீட்டில் வற்புறுத்தி வாங்காதீர்கள். மனதில் கசப்போடு எழுதிய கடிதம் நன்றாக இருந்தாலும், போன் வரும்போது குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு முன் வேலை செய்த வீடு, அதே குடியிருப்பில் பகுதி நேரம் செய்த வீடு இவற்றில் கேளுங்கள். ஒரு வருஷம் வேலை பார்த்த இடத்துக் கடிதமும் கடிதம்தான்.

தெரிந்தவரை விட்டுப் பொய்க் கடிதம் எழுத வேண்டாம். "எந்த ஃபிளாட், எத்தனையாவது மாடி, வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டாலே அது வெளியே வந்துவிடும். பிறகு உண்மையான கடிதத்தையும் நம்ப மாட்டார்கள்.

"கூட்டமைப்பு லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்க மேடம்" என்றும் சிலர் கேட்கிறீர்கள். நீங்கள் எத்தனை வருஷம் உறுப்பினர், சேமிப்பும் கடன் தவணையும் ஒழுங்காகக் கட்டினீர்களா என்பது எங்கள் பதிவேட்டில் இருக்கிறது, அதைத் தரலாம். நீங்கள் எப்படிச் சமைப்பீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதை நாங்கள் பார்த்ததில்லை. பார்க்காததை எழுத முடியாது. அதேபோல 2007-ல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்தின் அட்டை நீங்கள் பதிவு பெற்ற தொழிலாளி என்று சொல்லும். வேலை எப்படி என்பதை, வேலை வாங்கிய வீடுதான் சொல்ல வேண்டும்.

குறிப்பு எடுக்க உதவி வேண்டுமென்றால் மாதக் கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் வாருங்கள். ஏற்கெனவே கடிதம் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டுவாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

களப்பணி ஒருங்கிணைப்பாளர்