கிறிஸ்துமஸ் இரவில் வார்டில் யார்?



பண்டிகைக்காகப் பிரசவ வலி காத்திருப்பதில்லை. ஆகவே டிசம்பர் விடுப்புப் பட்டியலை நவம்பர் முதல் வாரத்திலேயே எழுதிவிடுகிறோம். அது எப்படித் தயாராகிறது என்று சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் பிரசவ வார்டில் 12 நர்சுகள் இருக்கிறார்கள். காலையில் மூவர், மாலையில் இருவர், இரவில் இருவர் என ஒரு நாளைக்கு 7 பேர் தேவை. வார ஓய்விலும் இரவுப் பணி முடிந்த ஓய்விலும் இருவர் இருப்பார்கள். யாருக்காவது திடீரென உடல்நலம் குன்றினால் அழைக்க ஒருவர் வேண்டும். மீதி இருப்பது இருவர் மட்டுமே. கிறிஸ்துமஸுக்கு விடுப்புக் கேட்டவர்களோ 8 பேர்!

சென்ற கிறிஸ்துமஸில் பணிசெய்தவர்களுக்கே முதலிடம் தருகிறோம். அடுத்த இருவர் புத்தாண்டிலும், அதற்கடுத்த இருவர் பொங்கலிலும் வீட்டுக்குப் போகிறார்கள். தீபாவளிக்கு விடுப்பு எடுத்த இந்து சகோதரிகள் கிறிஸ்துமஸில் மனமுவந்து பணிக்கு வருகிறார்கள். 24ஆம் தேதி மாலைப் பணி முடித்தவர்கள் அதிகாலை ஆராதனைக்குப் போகலாம். இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு அது இயலாது.

ஒரு வருடம் இருவர் வாய்மொழியாகப் பணியை மாற்றிக்கொண்டார்கள். தேதியை இருவரும் வேறுவேறாகப் புரிந்துகொண்டதால், அன்றிரவு வார்டில் ஒரே ஒரு நர்சு இருந்தார். இரண்டு தாய்மார்களுக்கு ஒரே நேரத்தில் வலி கண்டது. விடுதியிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். கர்த்தர் கிருபையாகக் காத்தார். அதுமுதல் இருவரும் வார்டு சிஸ்டரும் கையொப்பமிடாத மாற்றம் செல்லாது. பிரசவம் பார்க்கத் தேர்ந்த ஒருவராவது அந்தப் பணிநேரத்தில் இருக்கிறாரா என்றும் சிஸ்டர் பார்த்த பிறகே கையொப்பமிடுவார்.

நீங்கள் ஆராதனையில் பாடும்போது, அந்த இரவில் விழித்திருக்கும் இருவரையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.