பன்முகத்தன்மை அறிக்கை: வகுப்பில் செய்ததை எழுதுவது எப்படி?

முனைவர் பட்டம் முடித்து, அமெரிக்காவில் இளநிலை விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பிக்கும் நம் பட்டதாரிகள் பலரைத் தடுமாற வைக்கும் ஆவணம் ஒன்று உண்டு. அதுதான் பன்முகத்தன்மை அறிக்கை. வெவ்வேறு பின்னணியிலிருந்து வரும் மாணவர்களுக்கு நீங்கள் எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்பதை ஒன்றிரண்டு பக்கங்களில் விளக்குமாறு அது கேட்கிறது.

இந்த அறிக்கையைக் கடைசி நேரத்தில் ஒப்புக்கு எழுதி இணைப்பவர்கள் உண்டு. ஆனால், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 2018-19 கல்வியாண்டில் உயிரியல் துறைகளுக்கு ஆள் எடுத்தபோது, முதல் சுற்றில் இந்த அறிக்கையை மட்டுமே வைத்து விண்ணப்பதாரர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேரை விலக்கியது. பெர்க்லி வகுத்த மதிப்பீட்டு அட்டவணையில் மூன்று பகுதிகள் இருந்தன: விண்ணப்பதாரரின் புரிதல், அவர் இதுவரை செய்தவை, இனிச் செய்யப்போகும் திட்டம். “எல்லா மாணவர்களையும் ஒரே மாதிரி நடத்துவேன்” என்று மட்டும் எழுதியவருக்கு அதில் குறைந்த புள்ளிதான். வாக்கியத்தில் நல்ல எண்ணம் இருக்கிறது. வகுப்பில் என்ன நடந்தது என்பது இல்லை.

வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை விண்ணப்பதாரரை எடுத்துக்கொள்வோம். மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டுப் புள்ளியியல் பயிற்சி வகுப்பை நடத்தியவர் அவர். வகுப்பில் 30 மாணவர்கள். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேசன், டிப்ளோமா எனப் பல வழிகளில் வந்தவர்கள். அவருடைய முதல் வரைவு இப்படி இருக்கிறது: “பல இனங்கள் வாழும் நாட்டில் வளர்ந்த நான் வேற்றுமையை மதிக்கிறேன். அனைவரையும் அரவணைக்கும் வகுப்பறையை உருவாக்குவேன்.” இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். படிக்கும் குழுவால் இதைச் சரிபார்க்க வழியில்லை.

அவரிடம் சொல்ல வேறு செய்தி இருந்தது. ஒரு குறுந்தேர்வில், 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து படம் போட்ட சீட்டு ஒன்று வருவதற்கான நிகழ்தகவைக் கேட்டிருந்தார். 11 பேர் தவறாக எழுதினர். விடைத்தாள்களை மீண்டும் புரட்டியபோது, அவர்களில் 7 பேர் கணக்கிட்ட முறை சரியாகவே இருந்தது. ராஜா, ராணி, ஜாக் என ஒரு கட்டில் 12 படச் சீட்டுகள் இருக்கும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. சீட்டாட்டமே இல்லாத வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கேள்வி சோதித்தது நிகழ்தகவை அல்ல, சீட்டாட்டப் பழக்கத்தை.

இந்தச் செய்தியை அறிக்கையில் நான்கு படிகளாக எழுதலாம். முதலில், கண்டது என்ன, எப்படித் தெரிந்தது என்பது: 11 தாள்கள், அவற்றில் 7. அடுத்து, மாற்றியது என்ன என்பது. அதன் பிறகு ஒவ்வொரு கேள்வியிலும் தேவையான தகவல் முழுவதையும் கொடுத்தார். தேர்வுக்கு முன் சக பயிற்றுநர் ஒருவரிடம் காட்டி, பாடத்துக்கு வெளியே உள்ள அறிவு எதையும் கேள்வி கேட்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மூன்றாவது, விளைவு: அடுத்த குறுந்தேர்வில் அதே வகைக் கணக்கில் 4 பேர் மட்டுமே தவறினர், அவை உண்மையிலேயே நிகழ்தகவுப் பிழைகள். நான்காவது, விண்ணப்பிக்கும் துறையில் இதை எங்கே தொடர்வார் என்பது. அத்துறை நடத்தும் முதலாண்டுப் பாடத்தின் பெயரைச் சொல்லி, அதன் கேள்விகளை எப்படிச் சரிபார்ப்பார் என்று எழுத வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, விளைவை மிகைப்படுத்தக் கூடாது. இரண்டு தேர்வுகளும் ஒரே கடினத்தன்மை கொண்டவை அல்ல. 30 பேர் சிறிய எண்ணிக்கை. இதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டால் நம்பகத்தன்மை கூடுமே தவிர குறையாது. இன்னொன்று, அந்த 7 பேரின் இனத்தையோ மதத்தையோ ஊகித்து எழுதக் கூடாது. தாளில் தெரிந்தது அவர்களுக்குச் சீட்டுக்கட்டு பழக்கமில்லை என்பது மட்டுமே. மாணவர்களை அடையாளம் காட்டும் விவரமும் வேண்டாம்.

விண்ணப்பதாரரின் சொந்த வாழ்க்கைக் கதைக்கும் இது பொருந்தும். தோட்டப்புறத்தில் வளர்ந்தது, தமிழ்ப்பள்ளியில் படித்தது ஆகியவற்றை எழுதுவதில் தவறில்லை. ஆனால், அந்த அனுபவம் வகுப்பில் எந்த முடிவை எடுக்க வைத்தது என்ற வாக்கியம் அடுத்து வராவிட்டால், அது தன்வரலாறாகவே நின்றுவிடும்.

விண்ணப்பிக்கும் முன் விளம்பரத்தைக் கவனமாகப் படியுங்கள். இந்த அறிக்கை கருத்துச் சுதந்திரத்துக்கு இடையூறு என்ற எதிர்ப்பு வலுத்தபின், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2024-இலும், கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2025-இலும் இதைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்தின. கேட்காத இடத்துக்குத் தனி அறிக்கை அனுப்ப வேண்டாம். சீட்டுக்கட்டுப் பத்தியை அப்படியே கற்பித்தல் அறிக்கையில் சேர்க்கலாம். செய்ததைச் சொல்லும் பத்தி என்பதால், தலைப்பு மாறினாலும் அது செல்லும்.

இப்போது வகுப்பு நடத்திக்கொண்டிருப்பவர்கள், மாற்றுவதற்கு முந்தைய கேள்வித்தாளையும் மாற்றிய பிறகான கேள்வித்தாளையும் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எந்த இடத்தில் தவறினர் என்று ஒரு வரி குறித்தால் போதும். ஈராண்டு கழித்து நினைவிலிருந்து எழுத முயல்பவரிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் நல்ல எண்ணம் மட்டுமே.