நெருப்புப்பெட்டித் தொழிற்சாலையில் பிறந்த சங்கம்

தொழிற்சங்கம் என்றால் வெளியே இருந்து ஒரு தலைவர் வந்து உண்டாக்குவது என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். லண்டனில் பிரையன்ட் அன்ட் மே நெருப்புப்பெட்டித் தொழிற்சாலையின் வரலாற்றை வாசித்தபோது அது பிழையென்று விளங்கியது.

1888 ஜூனில் அன்னி பெசன்ட் அத்தொழிற்சாலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் பதினாறு வயதுப் பிள்ளையின் வாரக்கூலி 4 ஷில்லிங், அதாவது 48 பென்ஸ். கால் அழுக்காக இருந்தால் தண்டம் 3 பென்ஸ். ஆறு நாளுக்குப் பிரித்துப் பாருங்கள், ஒரு நாள் கூலி 8 பென்ஸ்தான். ஒரே தண்டத்தில் அதில் மூன்றிலொரு பங்குக்கு மேலே போயிடும்.

சாப்பிடவும் தனியிடம் இல்லை. வெண்பொசுபரசு படிந்த இடத்திலேயே சாப்பிட்டார்கள். அந்த நஞ்சு தாடை எலும்பை அழுகச் செய்தது.

கட்டுரை பொய்யென்று கையொப்பமிடச் சொன்னது நிர்வாகம். பெண்கள் மறுத்தார்கள். ஒருத்தியை வேலையால் நிற்பாட்டியதும், ஜூலையில் சுமார் 1400 பேர் வெளியே இறங்கினார்கள். பெசன்ட் கேட்டது அந்த நெருப்புப்பெட்டியை வாங்காதீர்கள் என்பதைத்தான். வேலைநிறுத்தம் அவர்களுடைய சொந்த முடிவு.

இரண்டு கிழமைக்குள் வென்றார்கள். தண்டம் ஒழிந்தது, தனிச் சாப்பாட்டறைக்கு நிர்வாகம் இணங்கியது, சங்கமும் அமைந்தது. கேட்டவை எல்லாம் தொழிற்சாலைக்குள்ளேயே பட்டவை. அதுதான் எனக்கு வலுவான சான்று.

ஆனால் வெண்பொசுபரசு போகவில்லை. அதைத் தடுக்கும் சட்டம் 1908இல்தான் வந்தது.