பெயர்ச்சொல்லுக்கு ஏற்ற வினைச்சொல்

பெங்களூருவில் வளரும் தமிழ்ச் சிறுவர் பலர், பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசுகின்றனர். ஆங்கிலத்தில் மேக், டூ, டேக், ஹேவ் என்னும் நான்கு வினைகள் பல பெயர்ச்சொற்களோடு சேர்ந்து வருகின்றன. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரே வினை இல்லை. அருகில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பார்த்தே வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பின்வரும் பத்தியைப் படித்து, கோடிட்ட இடங்களை நிரப்புக.

(ஏறினாள், எழுதினாள், செய்தாள், இருந்தது, எடுத்தாள்)

அல்சூரில் வாழும் மாணவி ஒருத்தி காலையில் பேருந்தில் (1) ______. பள்ளியில் கணக்குத் தேர்வு (2) ______. ஒரு கணக்கில் தவறு (3) ______. மாலையில் அவளுக்குக் காய்ச்சல் (4) ______. அதனால் வீட்டில் ஓய்வு (5) ______.

விளக்கம்

முதல் இரண்டு இடங்களிலும் ஐந்தாம் இடத்திலும் ஆங்கிலத்தில் டேக் என்னும் வினை வரலாம். தமிழிலோ பேருந்தில் ஏறினாள், தேர்வு எழுதினாள், ஓய்வு எடுத்தாள் என மூன்று வினைகள் வருகின்றன. 'பேருந்தை எடுத்தாள்' என்று எழுதினால், அவளே அதை ஓட்டத் தொடங்கினாள் என்று பொருள்படும். 'தேர்வு எடுத்தாள்' என்பது தமிழ் வழக்கு அன்று. ஆனால் மதிப்பெண் எடுத்தாள் என்பது சரியே.

மூன்றாம் இடத்தில் 'தவறு செய்தாள்' என்பது பொருந்தும். கன்னடத்திலும் 'தப்பு மாடு' என்பர். 'மாடு' என்றால் செய் என்று பொருள். ஆயினும் மாடு வரும் இடமெல்லாம் செய் வராது. கன்னடத்தில் 'ஊட்ட மாடு', 'ஸ்நான மாடு' என்பவற்றைத் தமிழில் உண், குளி என்று ஒரு சொல்லால் கூறுகிறோம்.

நான்காம் இடத்தில் ஆங்கிலம் ஹேவ் என்னும் வினையைப் பயன்படுத்தும். தமிழில் அதற்கு நேரான வினை இல்லை. 'இரு' என்னும் வினையே அந்தப் பொருளைத் தருகிறது. நோயையும் உறவையும் கூறும்போது 'கு' உருபு சேரும்: எனக்குக் காய்ச்சல் இருக்கிறது, எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். கையில் வைத்திருக்கும் பொருளைக் கூறும்போது 'இடம்' சேரும்: என்னிடம் பேனா இருக்கிறது.

பயிற்சி: சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. தம்பி பாட்டிக்கு உதவி ______. (எடுத்தான் / செய்தான்)
2. அக்காள் ஏரியைப் படம் ______. (எடுத்தாள் / செய்தாள்)
3. ______ இரண்டு பென்சில்கள் இருக்கின்றன. (எனக்கு / என்னிடம்)
4. சிறுவன் வெந்நீரில் ______. (குளித்தான் / குளியல் எடுத்தான்)
5. அவனுக்கு ஓர் அண்ணன் ______. (இருக்கிறது / இருக்கிறான்)

விடைகள்: 1. செய்தான் 2. எடுத்தாள் 3. என்னிடம் 4. குளித்தான் 5. இருக்கிறான்