பிரெட்போர்டில் ஓடியது, சால்டர் செய்ததும் ஓடவில்லை

பிரெட்போர்டில் ஒழுங்காக எல்இடியைச் சிமிட்டிய ATmega328P சிப், புள்ளிப் பலகையில் சால்டர் செய்தபின் அசையாமல் கிடக்கும். பலர் உடனே சிப்பையே மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு.

முதலில் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரின் முனையைச் சால்டர் மீது வைக்காமல், சிப்பின் காலிலேயே வைத்து அளப்பது முக்கியம். 7, 20 ஆகிய கால்களில் 5 வோல்ட்டும், 8, 22 ஆகியவற்றில் கிரவுண்டும் இருக்க வேண்டும். சால்டரில் வோல்ட் காட்டி, காலில் காட்டாவிட்டால் அது ஒட்டாத சால்டர். பலகையைத் திருப்பினால் கால்களின் வரிசை இடவலம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது.

மின்சாரம் சரி என்றால் அடுத்த சந்தேகம் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதன் இரு கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர்கள் தேவை. அவற்றை விட்டுவிட்டாலும் பிரெட்போர்டில் பல நேரம் ஓடிவிடும். அருகருகே உள்ள உலோகப் பட்டைகளுக்கு இடையில் தானாகவே சில பிகோஃபாரட் இருப்பதுதான் காரணம். புள்ளிப் பலகையில் அது மிகக் குறைவு. கிரிஸ்டல் துடிக்கத் தொடங்காமல் போகலாம்.

இதற்கு நல்ல அடையாளம் ஒன்று உண்டு. கிரிஸ்டலின் காலை விரலால் தொட்டதும், அல்லது ஆசிலாஸ்கோப் முனையை வைத்ததும் எல்இடி சிமிட்டத் தொடங்கினால், குறை அங்கேதான். இரண்டு கெப்பாசிட்டர்களையும் கிரிஸ்டலை ஒட்டியே, குட்டைக் கால்களுடன் சால்டர் செய்ய வேண்டும். தொட்டும் மாற்றமில்லை என்றால், 1ஆம் காலான ரீசெட்டில் 5 வோல்ட் நிற்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி.